ஒரே ஆமை, இரண்டு ஸ்கிரிப்ட்: குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் தனித்தனியே பின்னணி உரை எழுதும் முறை

ஒரே தலைப்பில் சிறுபிள்ளைகளுக்கு ஒரு வீடியோ, பெரியவர்களுக்கு ஒரு வீடியோ என்று கேட்கும் வேலை அருங்காட்சியகங்களிலிருந்தும் வனத்துறை விளக்க மையங்களிலிருந்தும் யூடியூப் சேனல்களிலிருந்தும் வருகிறது. படக்காட்சிகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். மாறுவது பின்னணிக் குரல்தான். புதிதாக எழுத வருகிறவர்கள் முதலில் பெரியவர்களுக்கான ஸ்கிரிப்டை முடித்துவிடுவார்கள். பிறகு அதிலிருக்கும் கடினமான சொற்களை எடுத்துவிட்டு, நீண்ட வாக்கியங்களை வெட்டி, அதையே குழந்தைகள் ஸ்கிரிப்டாக ஆக்குவார்கள். தாளில் பார்த்தால் எளிமையாகத்தான் இருக்கும். ஆனால் கேட்கிற குழந்தையிடம் பிறகு விசாரித்தால் பாதி கூடத் தேறாது. சொற்கள் மாறினவே தவிர, ஒரு நிமிடத்துக்குள் வந்து விழும் புதுச் செய்திகளின் எண்ணிக்கை மாறவில்லை. குழந்தை திணறுவது அங்கேதான்.

எனவே இங்கே சொல்லப்போகும் முறையில் இரண்டு ஸ்கிரிப்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதில்லை. இரண்டும் ஒரே உண்மைத் தாளிலிருந்து தனித்தனியாக எழுதப்படுகின்றன. எடுத்துக்காட்டாகச் சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமையை எடுத்துக்கொள்வோம். இரண்டு வீடியோவும் தலா இரண்டு நிமிடம். ஒன்று 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு, மற்றொன்று கடல் உயிரினங்களைப் பற்றித் தனியாகப் படித்திராத பெரியவர்களுக்கு.

முதலில் கேட்பவரை முடிவு செய்யுங்கள்

"குழந்தைகளுக்கு" என்று மட்டும் எழுதி வைத்தால் வேலை ஆகாது. ஐந்து வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பாடநூல் தமிழ் பழகியிருக்கும், ஐந்து வயதுப் பிள்ளைக்கு வீட்டுப் பேச்சு மட்டும்தான் தெரியும். இரண்டு வயது வித்தியாசத்துக்கு மேல் போகாத ஒரு வரம்பைப் பிடியுங்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். இது படிக்கும் உரை இல்லை, கேட்கும் உரை. படிப்பவர் புரியாத வரிக்குத் திரும்பிப் போகலாம். கேட்பவரால் முடியாது. அதனால் நான்காம் வகுப்புப் பாடநூலில் சரளமாக ஓடும் ஒரு பத்தி, குரலில் வரும்போது அதே பிள்ளைக்குக் கனமாக இருக்கலாம். மறுபக்கம், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை கூடக் காதால் கேட்டு நிறையப் புரிந்துகொள்ளும். ஆகவே "இது ஒன்றாம் வகுப்புச் சொல்லா" என்று பாடநூலைப் புரட்டுவதைவிட, "இதை இந்த வயதுப் பிள்ளை வீட்டில் கேட்டிருக்குமா" என்று யோசிப்பது பயன் தரும்.

உண்மைத் தாள்

இரண்டு உரைக்கும் பொதுவாக ஒரு பக்கத் தாள் தயாரியுங்கள். ஒரு வரிக்கு ஓர் உண்மை, அலங்காரம் இல்லாமல். நம் ஆமைக்கான தாளில் இப்படிப்பட்ட வரிகள் இருக்கும்: முட்டையிடும் காலம் சென்னைப் பகுதியில் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. இரவில் கரையேறும். பின் துடுப்புகளால் சுமார் ஒன்றரை அடி ஆழக் குழி தோண்டும். ஒரு குழியில் ஏறத்தாழ 100 முதல் 120 முட்டை. தாய் ஆமை குழியை மூடிவிட்டுப் போய்விடும், காவல் இருக்காது. 45 முதல் 60 நாளில் பொரியும். மணலின் வெப்பம் குஞ்சின் பாலினத்தைத் தீர்மானிக்கும். குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தை நோக்கி நகரும், தெருவிளக்கு அவற்றைத் திசைதிருப்பும். ஆமை நுரையீரலால் மூச்சு விடுவதால் இழுவை மடி என்னும் வலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. 1988 முதல் மாணவர் குழு ஒன்று இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றிவருகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்த ஆமை இருக்கிறது.

பன்னிரண்டு வரி. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வையுங்கள். பின்னால் சரிபார்க்கும்போது இந்த எண்கள்தான் கைகொடுக்கும்.

எத்தனை உண்மை தாங்கும்

அளவு பார்ப்பது இங்கேதான் தொடங்குகிறது. வாக்கியத்தைத் தொடும் முன்பே, எந்த உண்மை எந்த உரைக்குப் போகிறது என்று பிரித்துவிட வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நிமிடத்துக்கு இரண்டு புதுக் கருத்து என்பது வேலைக்கு உதவும் அளவு. இரண்டு நிமிடத்துக்கு நான்கு. பெரியவர்களுக்கு அதே நேரத்தில் எட்டு, ஒன்பது வரை போகலாம்.

குழந்தைகள் உரைக்கு நாம் எடுக்கும் நான்கு: அம்மா ஆமை குழி தோண்டி முட்டை போடுகிறது, முட்டையை மணல் சூடு வளர்க்கிறது, குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துக் கடலுக்குப் போகிறது, விளக்கு எரிந்தால் வழி தவறுகிறது. இந்த நான்கும் ஒன்றின் விளைவாக அடுத்தது வரும் வரிசையில் இருப்பதைக் கவனியுங்கள். முட்டை, சூடு, குஞ்சு, வெளிச்சம் என்று ஒரே கயிற்றில் போகிறது. சட்டமும் மாணவர் குழுவும் நல்ல செய்திகள்தான். ஆனால் அவை இந்தக் கயிற்றில் இல்லை. அவற்றை "ஒரே ஒரு வரி" என்று சேர்த்தால்கூட, அந்த வரியில் பிள்ளை கதையை விட்டுவிடும்.

வெப்பத்தால் பாலினம் தீர்மானமாகும் செய்தியைக் குழந்தைகள் உரையில் சேர்க்க எல்லோருக்கும் ஆசை வரும், வியப்பான செய்தி என்பதால். விட்டுவிடுங்கள். "சூடா இருந்தா பொம்பளைக் குஞ்சு" என்று சொன்னால் உடனே "ஏன்?" என்ற கேள்வி வரும். அந்த வயதுக்குப் பொருந்தும் உண்மையான பதில் இரண்டு நிமிடத்துக்குள் கிடையாது. பதில் சொல்ல முடியாத "ஏன்"-ஐ எழுப்பும் உண்மையைச் சிறுபிள்ளை உரையில் வைக்காமல் இருப்பதே நல்லது.

சாவு பற்றிய முடிவும் இந்தக் கட்டத்திலேயே வேண்டும். வலையில் சிக்கிய ஆமை சாவதைச் சொல்லக் கூடாது என்பதில்லை. பிள்ளைகளுக்குச் சாவு தெரியும். ஆனால் சொன்னால் முழுதாகச் சொல்ல வேண்டும்: ஏன் செத்தது, யார் என்ன செய்யலாம் என்பதுவரை. அதற்கு இந்த நீளத்தில் இடமில்லை என்பதால் இங்கே அது பெரியவர் உரைக்குப் போகிறது. "தூங்கிப் போச்சு", "சாமிகிட்ட போயிடுச்சு" என்று மூடி மறைத்து எழுதுவதுதான் தவறு. பிள்ளை அதை அப்படியே நம்பும்.

வினைமுற்று வரும்வரை எத்தனை சுமை

ஆங்கில உரைகளுக்குச் சொற்களின் நீளத்தையும் வாக்கியத்தின் நீளத்தையும் எண்ணி வகுப்பு நிலை சொல்லும் சூத்திரங்கள் இருக்கின்றன. அவற்றைத் தமிழில் போட்டால் விடை பொருளற்றதாகிவிடும். "போகவேண்டியிருந்தது" நமக்கு ஒரே சொல், ஐந்து வயதுப் பிள்ளையும் அதைச் சிரமமில்லாமல் புரிந்துகொள்ளும். "மடி" இரண்டே எழுத்து. அது வலையைக் குறிக்கும் என்பது மீனவக் குடும்பத்துக்கு வெளியே பல பெரியவர்களுக்கே தெரியாது. தமிழில் கேட்பவரை உண்மையில் சோர வைப்பது வேறொன்று: வினைமுற்று கடைசியில் வருவதால், அதுவரை வந்த எல்லாவற்றையும் மனத்தில் தாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

அந்தச் சுமையிலும் இரண்டு வகை உண்டு, இரண்டும் ஒன்றல்ல. "வந்து, தோண்டி, முட்டை போட்டு, மூடிட்டுப் போயிடும்" என்று நடந்த வரிசையில் வரும் வினையெச்சங்கள் பிள்ளைக்குப் பாரமே இல்லை. பிள்ளைகள் தாமே கதை சொல்லும்போது இப்படித்தான் அடுக்குவார்கள். மூன்று வரை தாராளமாக வைக்கலாம். பெயரெச்சம் அப்படி இல்லை. "இரவில் கரையேறி முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிய ஆமை" என்று எழுதினால், யாரைப் பற்றிய பேச்சு என்று தெரியும் முன்பே ஐந்து சொற்களைப் பிள்ளை தாங்க வேண்டும். ஆமை வந்து சேரும்போது முன்னால் சொன்னது போயிருக்கும். குழந்தைகள் உரையில் பெயரெச்சத்துக்கு முன்னால் ஒரு சொல்லுக்கு மேல் வேண்டாம். "உடைஞ்ச முட்டை" சரி, "மணல்ல புதைச்ச முட்டை" எல்லைக் கோடு, அதற்கு மேல் போனால் இரண்டு வாக்கியமாக்குங்கள். பெரியவர் உரையில் மூன்று, நான்கு சொல் வரை தாங்கும்.

மூன்றாவது இடர், எழுவாயைச் சொல்லாமல் விடும் நம் பழக்கம். "அம்மா ஆமை முட்டை போடுது. அப்புறம் மணலைப் போட்டு மூடுது. அது சூடாகும்." இதில் "அது" ஆமையா, முட்டையா, மணலா? பெரியவர் இடம் பார்த்துப் பிடித்துக்கொள்வார். பிள்ளை கடைசியாக மனத்தில் நின்ற பெரிய பொருளைப் பிடிக்கும், அதாவது ஆமையை. பிறகு "ஆமை சூடாகிடுச்சு" என்று உங்களிடமே சொல்லும். குழந்தைகள் உரையில் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தாளில் படிக்கும்போது உங்களுக்கு அலுப்பாக இருக்கும், காதில் அப்படி இருக்காது.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா

5 முதல் 7 வயதுக்குப் பேச்சுத் தமிழ்தான் சரி. "வருகிறது" என்பதைப் பிள்ளை புரிந்துகொள்ளும், ஆனால் அது பாடம் நடத்தும் குரலாகக் கேட்கும், கவனம் தளரும். "வருது", "போயிடும்", "இருக்கும்" என்ற பொதுவான பேச்சு வடிவத்தை எடுங்கள். ஒரு வட்டாரத்துக்கோ ஒரு சமூகத்துக்கோ மட்டும் உரிய சொல் வேண்டாம். உரை இலங்கைப் பிள்ளைகளுக்கும் போகிறதென்றால் சென்னைப் பேச்சின் சுருக்கங்கள் அங்கே அந்நியமாக ஒலிக்கும். அப்போது முடிந்தால் அங்குள்ள ஒருவரைக் கொண்டு தனியாகப் பதிவு செய்வதே நல்லது, ஒரே உரையில் இரண்டையும் கலப்பது இரு பக்கமும் ஒட்டாது.

பெரியவர் உரைக்கு எழுத்துத் தமிழ் ஏற்றதுதான், ஆனால் வாயில் வரக்கூடிய எழுத்துத் தமிழ். எது எடுத்தாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒன்றே இருக்கட்டும். "ஆமை வருது. அது குழி தோண்டுகிறது" என்று நடுவில் நடை மாறினால், ஒரு சொல்கூடக் கடினமாக இல்லாதபோதும் கேட்பவர் தடுக்கி நிற்பார்.

எளிமை பொய்யாகும் இடங்கள்

சொல்லைக் குறைக்கும்போது உண்மையும் சேர்ந்து கழன்று விழுவது உண்டு. ஆமை உரைகளில் இது மூன்று இடங்களில் அடிக்கடி நடக்கிறது. "அம்மா ஆமை முட்டைகளைப் பத்திரமா பாத்துக்கும்" என்று பாசத்துக்காக எழுதுவார்கள். தாய் திரும்பி வருவதே இல்லை. "குஞ்சு நிலாவைப் பார்த்து நடக்கும்" என்பார்கள். அது தேடுவது நிலவை இல்லை, கடல் பக்கத்துத் தாழ்ந்த வெளிச்சமான வானத்தை. நிலவே இல்லாத இரவிலும் அது கடலுக்குப் போகும். "ஆமை தண்ணிக்குள்ளேயே மூச்சு விடும்" என்பதும் கேட்ட வரிதான். இப்படி எழுதிவிட்டால், வலையில் சிக்கி ஆமை ஏன் சாகிறது என்பது அந்தப் பிள்ளைக்குப் பத்து வயதிலும் விளங்காது.

சோதிக்க ஒரே கேள்வி போதும்: இந்தப் பிள்ளை வளர்ந்து அந்தப் பெரியவர் உரையைக் கேட்டால், முன்பு கேட்டதை அழித்துவிட்டுப் புதிதாகக் கற்க வேண்டியிருக்குமா? கூடுதலாக ஒன்றைக் கற்பதென்றால் சரி. அழிக்க வேண்டியிருந்தால் வரியை மாற்றுங்கள்.

எண்களுக்கும் இதே கவனம் வேண்டும். நூறு என்றால் ஆறு வயதுக்கு "ரொம்ப நிறைய". அதனால் "நூறு முட்டை" என்று முழு எண்ணாகச் சொன்னால் போதும், "நூறு முதல் நூற்றிருபது" என்ற வரம்பு தேவையில்லை. ஒன்றரை அடி என்பது பிள்ளைக்குப் படமாகாது. ஒரு முழம் ஏறத்தாழ ஒன்றரை அடி, எனவே வளர்ந்தவர் கையை முழங்கை வரை உள்ளே விடும் ஆழம் என்று காட்டலாம். அளவும் கெடாது, பிள்ளை உடனே வீட்டில் செய்தும் பார்க்கும்.

குழந்தைகள் உரை, முழுதாக

மேலே சொன்னதையெல்லாம் வைத்து எழுதினால் உரை இப்படி அமையும்:

"ராத்திரி நேரம். கடற்கரையில யாரும் இல்ல. கடல்ல இருந்து ஒரு ஆமை வெளிய வருது. இது அம்மா ஆமை. அம்மா ஆமை மணல்ல குழி தோண்டுது. குழி எவ்வளவு ஆழம் தெரியுமா? உங்க அம்மா கையை முழங்கை வரைக்கும் உள்ள விடலாம். குழிக்குள்ள அம்மா ஆமை முட்டை போடுது. ஒண்ணு, ரெண்டு, மூணு... நூறு முட்டை! அப்புறம் அம்மா ஆமை மணலைப் போட்டு மூடிட்டு, கடலுக்குத் திரும்பிப் போயிடும். மறுபடி வராது.

அப்போ முட்டையை யார் அடைகாப்பாங்க? மணல்தான்! வெயில்ல மணல் சூடாகும். அந்தச் சூட்டுல முட்டைக்குள்ள குஞ்சு வளரும். ஒன்றரை மாசம் வளரும்.

அப்புறம் முட்டை எல்லாம் உடையும். ஒரு ராத்திரி குஞ்சுங்க மணலைத் தள்ளிட்டு மேல வரும். இப்போ குஞ்சுங்க கடலுக்குப் போகணும். கடல் எந்தப் பக்கம்? ராத்திரியில கடல் பக்கம்தான் வானம் வெளிச்சமா இருக்கும். குஞ்சுங்க அந்த வெளிச்சத்தைப் பார்த்து நடக்கும். ஆனா ரோட்டுல விளக்கு எரிஞ்சா? குஞ்சுங்க ரோட்டுப் பக்கம் போயிடும். விளக்கை அணைச்சா, குஞ்சுங்க கடலுக்குப் போயிடும்."

இதில் பிள்ளைக்குப் புதிதாக இருக்கக்கூடிய சொல் "அடைகாப்பாங்க" ஒன்றுதான். அது கேள்வியாக வந்து, அடுத்த மூன்று வரி அதற்கே விளக்கமாக நிற்கிறது. புதுச் சொல்லை இப்படித்தான் நுழைக்க வேண்டும். "அடைகாத்தல் என்றால்" என்று வரையறை சொல்லத் தொடங்கினால் பிள்ளை விலகிவிடும். கேள்விகள் அலங்காரத்துக்காக இல்லை. ஒவ்வொரு கேள்வியும் அடுத்த கருத்து தொடங்கும் இடத்தில் நிற்கிறது, அங்கே குரலுக்கு இரண்டு வினாடி இடைவெளியும் கிடைக்கிறது.

பெரியவர் உரை எங்கே வழுக்குகிறது

பெரியவர் உரையில் அளவு தவறுவது பெரும்பாலும் மேல்நோக்கி. "இழுவை மடிகளில் சிக்குண்டு மூச்சுத்திணறலால் ஆமைகள் உயிரிழக்க நேரிடுகின்றமை கண்டறியப்பட்டுள்ளது" என்பது கோப்பில் எழுதும் வரி. யார் கண்டறிந்தார்கள் என்று அதில் இல்லை, வினையெல்லாம் பெயராகிக் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு எழுதும்போது எடுத்துக்கொண்ட அக்கறையைப் பெரியவருக்கு எடுப்பதில்லை. அவரும் ஒருமுறைதான் கேட்கிறார். இப்படி மாற்றலாம்:

"ஆமைக்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். மூச்செடுக்க மேலே வந்தாக வேண்டும். விசைப்படகு இழுக்கும் வலைக்குள் மாட்டிக்கொண்டால் மேலே வர வழியில்லை, மூழ்கிச் சாகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் இப்படி நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின."

சொல் எளிதாகிவிட்டது, செய்தி குறையவில்லை. ஏன் சாகிறது என்ற காரணம் இப்போதுதான் உள்ளே வந்திருக்கிறது. ஆனால் இந்த வரைவிலும் ஒரு பிசகு இருக்கிறது. "இப்படி" என்ற ஒரு சொல், ஒதுங்கிய ஒவ்வோர் ஆமையும் வலையில்தான் செத்தது என்று உறுதி சொல்லிவிடுகிறது. அதை எடுத்துவிட்டு, "பெரும்பாலும் வலைதான் காரணம் என்பது ஆய்வாளர்களின் முடிவு" என்று உங்கள் தாளில் சான்று இருந்தால் மட்டும் சேர்க்க வேண்டும். பெரியவர் உரையில் உண்மை கெடுவது பெரும்பாலும் இப்படி இணைப்புச் சொற்களில்தான். தமிழ்நாட்டில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவை மடி இழுக்கக் கூடாது என்பது 1983 கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உள்ள விதி. அதை ஆமைச் செய்திக்குப் பின்னால் வைத்து "இதற்காகத்தான்" என்று தொடங்கினால் தவறு. நாட்டுப்படகு மீனவர்களுக்கும் விசைப்படகுகளுக்கும் இருந்த மோதலே அந்தச் சட்டத்தின் பின்னணி. "இந்த விதி ஆமைக்கும் பாதுகாப்பாகிறது" என்றால் சரி.

பாலின உண்மைக்கும் பெரியவர் உரையில் இடம் உண்டு: "அடைகாப்பது மணலின் வெப்பம். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதும் அதே வெப்பம்தான். ஏறத்தாழ முப்பது டிகிரியைத் தாண்டினால் பெண் குஞ்சுகள் கூடும், அதற்குக் கீழே ஆண் குஞ்சுகள் கூடும்." இங்கே முதல் வாக்கியம் குழந்தைகள் உரையில் வரும் அதே உண்மை. பெரியவர் அதைத் தாண்டி ஒரு படி போகிறார். இரண்டு உரையும் இப்படித் தொட்டுக்கொண்டு நின்றால், ஒரே வீட்டில் அப்பா ஒன்றும் மகள் ஒன்றும் பார்த்துவிட்டுப் பேசிக்கொள்ள முடியும்.

கீழ்நோக்கித் தவறுவதும் உண்டு, ஆனால் அது சொல்லில் இல்லை, தொனியில். "எவ்வளவு அற்புதம் பாருங்கள்!" என்று பெரியவரிடம் வியப்பைக் கேட்டு வாங்காதீர்கள். முப்பது டிகிரிச் செய்தி தானே அந்த வேலையைச் செய்யும்.

எண்ணிப் பார்த்தல்

எழுதி முடித்ததும் நீளம் பாருங்கள். குழந்தைகள் உரைக்கு நிமிடத்துக்கு சுமார் 60 சொல், பெரியவர் உரைக்கு சுமார் 90 சொல் என்று தொடங்கலாம். பிறகு உங்கள் குரல் கலைஞர் ஒரு பக்கத்தை வாசிக்கும் நேரத்தை எடுத்து இந்த எண்களைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் தமிழில் சொல்லின் நீளம் மிகவும் மாறுவதால், வாக்கியத்தை எழுத்தால் எண்ணுவது நம்பகமானது. கணினியில் `len()` போட்டால் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் தனித்தனியே எண்ணிவிடும்: "கடற்கரை" ஐந்து எழுத்து, அது 7 என்று சொல்லும். கீழே உள்ள சிறு நிரல் குறிகளை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் எண்ணும்.

```python
import re, unicodedata
text = open("script.txt", encoding="utf-8").read()
for s in re.split(r"[.?!]+", text):
    n = sum(unicodedata.category(c) == "Lo" for c in s)
    if n:
        print(n, len(s.split()), s.strip())
```

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுத்துக் கணக்கும் சொல் கணக்கும் வரும். குழந்தைகள் உரையில் 30 எழுத்தைத் தாண்டும் வாக்கியத்தை நிறுத்திப் பாருங்கள். மேலே உள்ள உரையில் "அப்புறம் அம்மா ஆமை மணலைப் போட்டு" என்று தொடங்கும் வாக்கியம் 36 எழுத்து. அது வரிசையாக நடக்கும் வினையெச்சங்களால் ஆனது என்பதால் விடலாம். அதே 36 எழுத்து ஒரு பெயரெச்சத்துக்குள் இருந்தால் வெட்டியே ஆக வேண்டும். நிரல் அந்த வித்தியாசத்தைச் சொல்லாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எண்ணும் முன் இலக்கங்களை எழுத்தால் எழுதிவிடுங்கள். "1972" என்பது தாளில் ஒரு சொல். நிரல் அதைப் பூஜ்யம் எழுத்தாகக் கணக்கிடும். வாயில் அது "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு", 21 எழுத்து. ஆண்டுகள் நிறைந்த பெரியவர் உரை ரெக்கார்டிங்கில் நேரத்தைத் தாண்டிப் போவதற்கு இதுவே வழக்கமான காரணம். நம் தாளில் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன: 1972, 1988, 2025. இரண்டு நிமிட உரையில் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

பிள்ளையிடம் சோதிப்பது

நான்கைந்து பிள்ளைகள் போதும், ஒவ்வொருவராக. கூட்டமாக உட்கார வைத்தால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று சொல்லிவிடும், மற்றவை அதையே திருப்பிச் சொல்லும். படம் இல்லாமல் குரலை மட்டும் ஒருமுறை போடுங்கள். பிறகு "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். "தம்பிக்கு இந்தக் கதையைச் சொல்றியா?" என்று கேட்டு, குறுக்கிடாமல் கேளுங்கள். முடிந்ததும் நான்கு கருத்துக்கும் ஒவ்வொரு கேள்வி: முட்டையை எங்க போட்டுச்சு, யார் அடைகாத்தாங்க, குஞ்சு எதைப் பார்த்து நடந்துச்சு, ரோட்டுக்கு ஏன் போச்சு.

தவறும் விதத்திலேயே காரணம் தெரியும். நடுவில் ஒரு கட்டத்தை மட்டும் எல்லாப் பிள்ளையும் விட்டால், அங்கே வாக்கியம் கனமாக இருக்கிறது அல்லது இடைவெளி போதவில்லை. செய்தவர் மாறினால், உதாரணமாக "அம்மா ஆமை ரோட்டுக்குப் போயிடுச்சு" என்றால், பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் "அது" வந்திருக்கிறது. உங்கள் சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லி, "அப்படின்னா என்ன?" என்றதும் விழித்தால், அந்தச் சொல் காதில் நின்றது, பொருள் நிற்கவில்லை. அதற்கு முன்பும் பின்பும் உள்ள வரிகளைத் திருத்துங்கள். "அடைகாப்பாங்க" என்பதில் இது நடக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் கோழி பார்த்திராத நகரத்துப் பிள்ளைக்கு, "முட்டையை யார் சூடா வச்சுக்குவாங்க?" என்று மாற்றினால் போதும். இரண்டு பிள்ளை ஒரே இடத்தில் தவறினால் திருத்துங்கள், ஒன்று மட்டும் தவறினால் அடுத்த சுற்றில் அந்த இடத்தைக் கவனித்து வையுங்கள்.

பெரியவர்களிடம் சோதிக்கும்போது தலைப்பு தெரியாத இரண்டு பேரைத் தேடுங்கள். ஒருமுறை கேட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். எண்ணையோ ஆண்டையோ மறந்தால் பரவாயில்லை. காரணத்தை மாற்றிச் சொன்னால்தான் உரையில் பிழை. "முப்பது டிகிரி ஆனா குஞ்சு செத்துடும்" என்று ஒருவர் சொன்னால், வெப்பச் செய்தியும் வலைச் செய்தியும் மிக அருகில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே பொரிப்பகத்தைப் பற்றிய வரியை நகர்த்திப் பாருங்கள்.

ரெக்கார்டிங்குக்கு முன்

இரண்டு ஸ்கிரிப்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் உண்மைத் தாளின் எண்ணை எழுதுங்கள். எண் போட முடியாத வரி இருந்தால் அது தாளில் இல்லாத செய்தி. சரிபாருங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். ஒரே எண் இரண்டு உரையிலும் இருந்தால் இரண்டும் முரண்படாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

குரல் கலைஞரிடம் கொடுக்கும் தாளில் குழந்தைகள் உரையின் இடைவெளிகளை வினாடியோடு குறித்துக் கொடுங்கள். குறிக்காவிட்டால் பழக்கத்தில் வேகமாக வாசித்துவிடுவார்கள், நிமிடத்துக்கு 60 என்று எழுதியது 85-க்குப் போய்விடும். கேள்விக்குப் பின் இரண்டு வினாடி, பத்திக்குப் பின் மூன்று வினாடி. கொஞ்சும் குரல் வேண்டாம் என்றும் எழுதிவிடுங்கள். வார்த்தையை இழுத்துக் குழைத்துச் சொன்னால் "குஞ்சுங்க", "மூடிட்டு" போன்ற வடிவங்களின் ஒலி தேய்ந்து, ஏற்கெனவே சோதித்துச் சரிசெய்த இடங்களே மறுபடி புரியாமல் போகும். பதிவை எடுத்து முடித்ததும், சோதனைக்கு வராத இன்னொரு பிள்ளையிடம் அதே நான்கு கேள்விகளை ஒருமுறை கேட்டுவிட்டு, அதன் பிறகே படத்தோடு இணையுங்கள்.